போலி பேரிங்கா? தயாரிப்பாளருக்குப் படங்களுடன் எழுதிய கடிதம் எங்கே தடுக்குகிறது

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாங்கூழ் ஆலைகள் ஓடும் மாதங்களில், மோட்டார் காயில் கட்டும் எங்கள் பட்டறைக்கு வரும் கேள்விகளில் பாதி பேரிங்கைப் பற்றியவை. "அண்ணே, இது ஒரிஜினல்தானா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று பெட்டியை நீட்டுவார்கள். கண்ணால் பார்த்துச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதில் சொல்ல உரிமையும் தகவலும் உள்ளவர் ஒருவர்தான், அந்தப் பெயருக்குச் சொந்தமான தயாரிப்பாளர். அவருடைய உதவிப் பிரிவுக்குப் படங்களுடன் எழுதிக் கேட்பதுதான் நேர்வழி. ஆனால் எழுதிய பலருக்கும் பதில் வருவதில்லை, அல்லது ஒன்றுக்கும் உதவாத பதில் வருகிறது. அப்படி வரும் ஒவ்வொரு பதிலையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, கோளாறு எங்கே என்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொள்கிறேன். காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. அங்கே ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கு 6206-2Z/C3 பேரிங் இரண்டு வாங்கினார்கள். 6206 என்றால் உள்விட்டம் 30 மி.மீ., வெளிவிட்டம் 62, அகலம் 16. 2Z என்பது இருபக்கமும் தகடு மூடி உள்ளதைக் குறிக்கும். C3 என்பது உள்ளே இடைவெளி வழக்கத்தைவிடச் சற்று அதிகம் என்பதைச் சொல்லும். ஒன்றைப் போட்டார்கள், சில நாளிலேயே இரைச்சல் எடுத்தது. மற்றொன்று பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆலையின் எலக்ட்ரீசியன் தம்பி தன் கைப்பேசியில் நான்கு படம் எடுத்து, "உங்கள் பேரிங் போலி, உடனே நடவடிக்கை தேவை" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

அறிகுறி: பதிலே வரவில்லை

முதலில் முகவரியைப் பாருங்கள். பெட்டியில் அச்சடித்திருந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினீர்களா? பெட்டியே சந்தேகத்துக்குரியது என்னும்போது அதில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் எப்படி நம்பிக்கைக்குரியவை ஆகும்? பெட்டியின் மேல் இருக்கும் சதுரக் குறியீட்டைக் கைப்பேசியில் படித்தால் திறக்கும் இணையப் பக்கத்துக்கும் இது பொருந்தும். தயாரிப்பாளரின் இணையதளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, அங்கிருந்து முகவரியை எடுங்கள். சில நிறுவனங்கள் இதற்கெனவே செயலி வைத்திருக்கின்றன. SKF நிறுவனத்தின் SKF Authenticate செயலி எந்தெந்தப் படம் வேண்டும் என்று கேட்டு வாங்கி, அவர்களுடைய ஆட்களின் பார்வைக்கு அனுப்புகிறது. ஷாஃப்ளர் நிறுவனத்தின் OriginCheck செயலி பெட்டியில் உள்ள குறியீட்டைப் படித்துச் சரிபார்க்கிறது. அப்படி ஒரு வழி இருந்தால் அதுவே விரைவு. இல்லாதபோதுதான் கடிதம்.

அடுத்து, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஜிமெயிலில் இணைப்புகள் 25 எம்பிக்கு மேல் போகாது. அதைத் தாண்டினால் அது தானாகவே டிரைவ் இணைப்பாக மாறிவிடும். எதிர்முனையில் திறப்பவருக்கு 'அனுமதி கேளுங்கள்' என்று காட்டினால், அவர் அனுமதி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். மூடிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். படங்களை இரண்டு கடிதங்களாகப் பிரித்து, பொருள் வரியில் '1/2', '2/2' என்று போட்டு அனுப்புவது மேல்.

மூன்றாவது காரணம் பொருள் வரிதான். 'போலி, உடனே நடவடிக்கை' என்ற வரி வாடிக்கையாளர் புகார்ப் பிரிவுக்குப் போகும். அங்கே இருப்பவர் தரக் குறைபாட்டுப் படிவத்தை நீட்டுவார், அல்லது விற்றவரைக் கேளுங்கள் என்பார். நமக்கு வேண்டியது புகார் அல்ல, சரிபார்ப்பு. அந்தச் சொல் பொருள் வரியிலேயே இருக்க வேண்டும்.

அறிகுறி: "படங்கள் போதவில்லை"

மிக அதிகமாக வரும் பதில் இதுதான். இதற்கு வருத்தப்படத் தேவையில்லை, ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதற்கு இதுவே அடையாளம். அந்தத் தம்பிக்கும் இரண்டாம் முறை அனுப்பியபோது இதே பதில்தான் வந்தது. முதல் நான்கு படங்களில் என்ன இருந்தது? உள்ளங்கையில் பேரிங்கை வைத்து எடுத்தது ஒன்று. பெட்டியின் முகப்பு ஒன்று, அதில் லேபிளின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்ததில், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பளபளப்பு மட்டும். கடைசியாக, வெர்னியர் காலிப்பரில் பிடித்து அளவு காட்டும் படம்.

வெர்னியர் படத்தை நிறையப் பேர் அனுப்புகிறார்கள், அது வீண். சாதாரணத் தரப் பேரிங்கில் 30 மி.மீ. உள்விட்டம் 10 மைக்ரான் வரைதான் குறையலாம். நம் கையில் இருக்கும் வெர்னியரின் மிகச் சிறிய கோடே 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். போலியும் அசலும் அதில் ஒரே அளவுதான் காட்டும்.

உதவிப் பிரிவுக்கு வேண்டியவை எழுத்துகள். பேரிங்கின் வெளிவளைய முகத்தில் பெயர், எண், தயாரான நாடு, தயாரிப்புக் குறியீடு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறியீடு எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்பதைச் சொல்கிறது. அந்தத் தொழிற்சாலை அந்தக் காலத்தில் அந்த எண்ணைச் செய்ததா, எழுத்தை எந்த முறையில் பொறித்தது, எந்தப் பெட்டியில் போட்டது என்பதெல்லாம் அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும். பெட்டி லேபிளில் உள்ள குறியீடும் வளையத்தில் உள்ள குறியீடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஆகவே எழுத்து வாசிக்க முடியாத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர்களுக்கு வெறும் இரும்பு வளையம்.

பளபளக்கும் எஃகில் மெல்லிய பொறிப்பைப் படமெடுப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் முகத்தில் இருக்கும் துருத்தடுப்பு எண்ணெயை மென்மையான துணியால் துடையுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ வேண்டாம், தகடு மூடியின் இடுக்கு வழியே உள்ளே போய் கிரீஸைக் கரைத்துவிடும். உப்புத்தாளைத் தொடவே கூடாது, நீங்கள் தேய்த்த கோடு ஏற்கெனவே இருந்த கோட்டோடு கலந்துவிட்டால் அதன்பின் யாராலும் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. வெள்ளைத் தாளின் மேல் படுக்க வைத்து, ஜன்னல் பக்கம் எடுத்துச் செல்லுங்கள். ஃபிளாஷை அணையுங்கள். கைப்பேசியைப் பேரிங்கின் மேல் ஒட்டிக்கொண்டு போகாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். கிட்டே போனால் உங்கள் கையின் நிழலே விழும், வட்டமும் கோணலாகத் தெரியும். திரையில் எழுத்தின் மேல் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள்.

இப்படி முழு முகம் ஒன்று, பிறகு வளையத்தைச் சுற்றி எழுத்துகள் தொடர்ச்சியாக வரும்படி மூன்று நான்கு படங்கள், ஒவ்வொன்றிலும் முந்தையதன் கடைசி எழுத்து இருக்கட்டும். மறுபக்கத்தையும் அதேபோல. வெளிவளையத்தின் சுற்றுப்பரப்பு ஒன்று, உள்துளை ஒன்று. பெட்டியின் ஆறு பக்கமும், லேபிள் நேராக, நான்கு மூலையும் தெரியும்படி. எண்ணெய்த்தாளோ பிளாஸ்டிக் உறையோ இருந்தால் அதுவும். படமெடுத்து முடித்ததும் எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள். விரலின் வியர்வை ஒரே வாரத்தில் துருப்புள்ளியாகிவிடும், பிறகு அந்தத் துரு எங்கிருந்து வந்தது என்று இன்னொரு வழக்கு.

ஒரு படம் மட்டும் தனியாக எடுக்க வேண்டும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு படுக்க வைத்து, பேரிங்கின் முகத்தை ஒளி உரசிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். ஆலையில் கழற்றிய பேரிங்கை அப்படி வைத்துப் பார்த்தபோது, பொறித்த எண்ணுக்குக் கீழே இன்னொரு எழுத்து வரிசையின் தடம் எழுந்தது. முழு எழுத்தாக இல்லை, சில நேர்கோடுகளும் ஒரு வளைவும்தான். அதைச் சுற்றிலும் ஒரே திசையில் நுண்ணிய தேய்ப்புக் கோடுகள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த இடம் பளிங்குபோல இருந்தது. ஏற்கெனவே ஓடிய பேரிங்கையோ பெயர் தெரியாத மலிவான பேரிங்கையோ தேய்த்து, மெருகேற்றி, புதுப் பெயர் பொறித்து விற்பது இந்தச் சந்தையில் பழைய வித்தை. தேய்ப்பு ஆழமாக இல்லாவிட்டால் பழைய எழுத்து இப்படிக் காட்டிக்கொடுக்கும்.

எடுத்ததை எப்படி அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். தம்பி எடுத்த படங்கள் வாட்ஸப்பில் முதலாளிக்குப் போய், அவரிடமிருந்து மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. வழியில் ஒவ்வொரு படமும் சுருங்கி, எழுத்தின் விளிம்பு கரைந்துவிட்டது. எடுத்த கைப்பேசியிலிருந்தே நேராக மின்னஞ்சலில் இணையுங்கள். வாட்ஸப் வழியாகத்தான் முடியும் என்றால் 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வெட்டுவது, கூர்மையாக்குவது, சிவப்பு வட்டம் போடுவது எதுவும் அசல் படத்தில் வேண்டாம். வட்டம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு நகலில் போட்டுக் கூடவே அனுப்பலாம். கோப்புப் பெயரிலேயே எந்தப் பேரிங், எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும்:

```
A_01_face_full.jpg
A_02_face_marking.jpg
A_09_sidelight.jpg
B_01_box_label.jpg
```

இத்தனைக்கும் பிறகு போன கடிதம் இது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பினோம், சிறு சிறு வாக்கியங்களே போதும். விஷயம் இவ்வளவுதான்:

> பொருள்: 6206-2Z/C3, 2 பேரிங்குகள் — உண்மைத்தன்மை சரிபார்ப்புக் கோரிக்கை
>
> ஐயா,
>
> கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஆலையின் மோட்டாருக்கு உங்கள் பெயர் பொறித்த மேற்கண்ட பேரிங்குகள் இரண்டை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினோம். 'A' பொருத்தி ஓட்டிய பின் கழற்றப்பட்டது. 'B' பொருத்தப்படவில்லை, படமெடுப்பதற்காக மட்டும் உறை பிரித்தோம்.
>
> வளையத்தில் உள்ள எழுத்துகளும் பெட்டி லேபிளில் உள்ளவையும் கீழே, கண்டபடியே எழுத்துக்கு எழுத்துத் தரப்பட்டுள்ளன. வாசிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி இட்டுள்ளோம்.
>
> 'A'-இல் பொறிப்புக்குக் கீழே வேறு எழுத்துகளின் தடம் தெரிகிறது (படம் A_09). 'B'-இல் அப்படி எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.
>
> எங்கள் கேள்விகள் இரண்டு. இவை உங்கள் நிறுவனம் தயாரித்தவையா? ரசீதில் உள்ள கடை உங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா?
>
> இரண்டு பேரிங்கும் பெட்டிகளும் எங்களிடம் பத்திரமாக உள்ளன. கேட்டால் அனுப்பத் தயார். ரசீதின் நகல் இணைப்பில் உள்ளது.

இதில் இரைச்சலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே விட்டது. இரைச்சல் என்று எழுதிய உடனே, எப்படிப் பொருத்தினீர்கள், சுத்தியலால் அடித்தீர்களா, பெல்ட் இழுப்பு எவ்வளவு என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். சீக்கிரம் கெட்டுப்போனது என்பது போலிக்கு ஆதாரமே அல்ல, அசலும் நாலே நாளில் கெடும். நஷ்டம், சீசன் போய்விட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்பனவும் கடிதத்தில் வேண்டாம். படிப்பவருக்கு அவை உதவா. எழுத்துக்கு எழுத்துத் தட்டச்சு செய்த வரியோ பெரிய உதவி, பதிவேட்டில் தேட அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார்.

அறிகுறி: "படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது"

இது தட்டிக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம். நன்றாகச் செய்த போலியில் எழுத்தும் பெட்டியும் அச்சாக ஒத்திருக்கலாம். அசலிலும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை எழுத்தின் வடிவம் மாறும். அப்போது பொருளையே அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கோரிக்கை எழுத்தில், அவர்களுடைய முகவரியிலிருந்து வந்தால் மட்டும் அனுப்புங்கள். ஒன்றை அனுப்பி மற்றொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு முன் எழுத்துப் பக்கம் தெரிய ஒரு படம், கூரியர் ரசீது எண்ணோடு ஒரு படம் போதும்.

அறிகுறி: "எங்கள் பொருள்தான்", ஆனால் இரைச்சல் நிற்கவில்லை

அப்படியானால் கோளாறு கடையில் இல்லை, நம்மிடம். பேரிங்கை அறுத்து ஓடுபாதையைப் பாருங்கள். பந்துகளின் இடைவெளிக்குச் சரியாக ஒத்த சிறு பள்ளங்கள் இருந்தால், ஷாஃப்டில் ஏற்றும்போது வெளிவளையத்தில் அடித்திருக்கிறார்கள். உள்வளையத்தில் வாங்க வேண்டிய அடி, பந்துகள் வழியாகப் போயிருக்கிறது. கிரீஸ் வெளுத்து, பாதையில் கறுத்த துருக்கறை இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. தகடு மூடி தூசியைத் தடுக்கும், கழுவும் நீரைத் தடுக்காது. மாங்கூழ் ஆலையில் நாள்தோறும் குழாய் பிடித்துக் கழுவும் இடத்தில் 2Z போடுவதே பொருத்தமில்லை என்பது என் கருத்து, ரப்பர் மூடியுள்ள 2RS வகையைக் கேட்டு வாங்கலாம். பாதை முழுவதும் ஏணிப்படிபோல் குறுக்குக் கோடுகள் விழுந்திருந்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்க வேண்டும். C3 பேரிங் புதிதில் சற்றே கூடுதலாகச் சத்தமிடுவது இயல்பு, அதை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: "இவை எங்கள் பொருள் அல்ல", காரணம் மட்டும் சொல்லவில்லை

மாங்கூழ் ஆலைக்கு வந்த பதில் இதுதான். A, B இரண்டுமே அவர்கள் செய்தவை அல்ல, கடையும் அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பிடிபட்ட A போலி என்பதில் யாருக்கும் வியப்பில்லை. மாசு மறுவற்றதாக இருந்த B-யும் போலி என்றபோதுதான் ஆலைக்காரர், "எதை வைத்துச் சொல்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள்" என்றார். கேட்கலாம், சொல்ல மாட்டார்கள். எந்தப் புள்ளியை வைத்துக் கண்டுபிடித்தோம் என்று எழுதிக் கொடுத்தால் போலி செய்பவர்கள் அடுத்த தொகுதியில் அந்தப் புள்ளியைத் திருத்திவிடுவார்கள், பதில் போய்ச் சேரும் இடம் யாருடைய கை என்பதும் தயாரிப்பாளருக்குத் தெரியாது. காரணத்தைக் கேட்டு மல்லுக்கட்டுவதைவிட, முடிவை மட்டும் படங்களின் பெயர், ரசீது எண்ணோடு சேர்த்து நிறுவனத்தின் கடிதத்தாளில் தரும்படி கேளுங்கள். கடைக்காரரிடம் பேச அது போதும்.

கடைக்குப் போகும்போது பொருளைக் கையில் எடுத்துச் செல்லாதீர்கள். 'கொடுங்கள், மாற்றித் தருகிறேன்' என்பார். கொடுத்தால் உங்கள் ஆதாரமும் போகும், அந்தப் பேரிங்கும் இன்னொரு மோட்டாரில் போய் உட்காரும். படங்களும் பதில் கடிதமும் போதும்.

இங்கே சட்டத்தில் பயன்படுத்தத்தக்க ஓர் இடம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தில் 104ஆம் பிரிவு, பொய்யான வணிகக் குறி இட்ட பொருளை விற்பதையும் குற்றம் என்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் விற்றவர், தாம் உரிய எச்சரிக்கையோடு இருந்ததையும், சந்தேகப்படக் காரணம் இல்லாததையும், கேட்டபோது யாரிடம் வாங்கினோம் என்பதை முழுமையாகச் சொன்னதையும் காட்டினால் தப்பலாம். மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 'எங்களுக்கே அப்படித்தான் வந்தது' என்று கடைக்காரர் சொல்லும் வாக்கியத்தை அவர் உண்மையாகவே சொல்கிறார் என்றால், அதை நிரூபிக்கும் காகிதம் அவரிடமே இருக்கிறது, அதைக் காட்டுவதில் அவருக்கும் லாபம் உண்டு என்று புரியவைக்கத்தான். அந்தக் கடைக்காரரும் முதலில் முறைத்தார், பிறகு தாம் வாங்கிய ரசீதின் நகலைக் கொடுத்தார். பணமும் திரும்பியது.

ஒரு சிக்கல் நடுவில் வந்தது. ஆலைக்குக் கொடுத்த ரசீதில் 'பேரிங் 2' என்று மட்டும் இருந்தது, பெயரும் எண்ணும் இல்லை. படத்தில் உள்ள பொருளையும் ரசீதையும் இணைக்கும் கயிறே அங்கு இல்லை. கடைக்காரர் பில் புத்தகத்தின் அடிக்கட்டையில் எண்ணை எழுதி வைத்திருந்ததால் தப்பினோம். பேரிங் வாங்கும்போதே தயாரிப்பாளர் பெயர், முழு எண், பின்னொட்டு மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கடைக்காரர் கொடுத்த ரசீது நகலை, புதுக் கடிதமாக அல்லாமல், பழைய கடிதத் தொடரிலேயே பதிலாக அனுப்பினோம். பொருள் வரி மாறினால் அங்கே வேறொருவர் கைக்குப் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள். இரண்டு பேரிங்கையும் தங்கள் பிரதிநிதி வந்து பெற்றுக்கொள்ளும்வரை வைத்திருக்கும்படி பதில் வந்தது. அவை என் மேசை இழுப்பறையில், எண்ணெய் தடவி, A, B என்று சீட்டு ஒட்டி இருக்கின்றன.